குரல் ஏன் புதைகிறது?

வீட்டில் செய்த ஒரு பாட்டு கெடுகிற வழி பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் ஒரு தாளமும் பேஸும் போடுகிறோம். நன்றாக இருக்கிறது. மேலே கீபோர்டில் நீண்டு ஒலிக்கும் பேட் ஒன்று, பிறகு பியானோ, கிதார், புல்லாங்குழல். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் அழகு. கடைசியில் குரல் வருகிறது, சொற்கள் புரியவில்லை. குரலின் ஃபேடரை ஏற்றுகிறோம். இப்போது தாளம் மெலிந்து போகிறது, அதையும் ஏற்றுகிறோம். பேஸ் காணாமல் போகிறது, அதுவும் ஏறுகிறது. அரை மணி நேரத்தில் எல்லா ஃபேடரும் உச்சியில் நிற்கின்றன, மாஸ்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, குரல் மட்டும் தொடங்கிய இடத்திலேயே புதைந்து கிடக்கிறது.

பிறர் படுக்கையறையில் செய்த பாட்டுகளை மிக்ஸ் செய்வது என் வேலை. வருகிற ப்ராஜெக்ட்டுகளில் நான் முதலில் திறந்து பார்ப்பது இரண்டு விஷயங்களை: மீட்டரில் மேலே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், எந்தக் கருவி எந்த ஸ்தாயியில் வாசிக்கிறது. இவை இரண்டும் தனித்தனிப் பாடங்களாகச் சொல்லித்தரப்படுகின்றன. வேலையில் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. சிவப்பு விளக்கு எரிவதற்குக் காரணம் அனேகமாக ஒரே ஒலிப்பகுதியில் பலர் குவிந்திருப்பதுதான். குவிந்தவர்களைப் பிரித்துவிட்டால் மீட்டர் தானாகவே இறங்கும்.

முதலில் மீட்டரைப் புரிந்துகொள்வோம். கணினியில் ஒலியின் அளவு பூஜ்யத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணப்படுகிறது. பூஜ்யம் டெசிபல் என்பது உச்சவரம்பு. அதற்குக் கீழே மைனஸ் 6, மைனஸ் 12, மைனஸ் 18 என்று போகிறது. 6 டெசிபல் குறைந்தால் அலையின் உயரம் பாதியாகிறது. பாட்டின் மிக உரத்த கணத்துக்கும் அந்தப் பூஜ்யத்துக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடத்தைத்தான் ஹெட்ரூம் என்கிறார்கள். பூஜ்யத்தைத் தாண்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படுகிறது. அதுதான் கிளிப்பிங். தட்டையான அந்தத் தலை, மூல ஒலியில் இல்லாத புதுச் சுரங்களை உண்டாக்குகிறது. காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கிறது.

இரண்டு ட்ராக்குகள் சேரும்போது என்ன ஆகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். கிக் டிரம்மின் உச்சி மைனஸ் 6, பேஸின் உச்சியும் மைனஸ் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே பத்திரமான இடத்தில் இருக்கின்றன. ஆனால் மைனஸ் 6 என்பது முழு உயரத்தில் பாதி. இரண்டு பாதிகளும் ஒரே கணத்தில் ஒரே பக்கம் எழும்பினால் முழு உயரம் வந்துவிட்டது. இரண்டே ட்ராக்கில் உச்சவரம்பைத் தொட்டாயிற்று. இன்னும் குரலே வரவில்லை. அதே கிக்கை மைனஸ் 10-லும் பேஸை மைனஸ் 12-லும் வைத்தால், அவை மிக மோசமாக மோதும் கணத்தில்கூட ஏறத்தாழ மைனஸ் 5-ஐத் தாண்டாது. குரலும் மற்றவையும் ஏறி நிற்க இடம் இருக்கிறது.

அதனால் நான் சொல்லும் வழி இது. எல்லா ஃபேடரையும் கீழே இறக்கிவிட்டு, கிக்கின் உச்சி மைனஸ் 10 அருகே வரும்படி முதலில் வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் அந்தக் கிக்கோடு ஒப்பிட்டுக் காதால் ஏற்றுங்கள். பாட்டின் உரத்த இடத்தில் மாஸ்டரின் உச்சி மைனஸ் 6 பக்கம் நிற்கும். சத்தம் போதவில்லை என்று தோன்றினால் ஸ்பீக்கரின் குமிழைத் திருப்புங்கள், ஃபேடரைத் தொடாதீர்கள். இந்த ஒரு பழக்கமே பாதிச் சிக்கலைத் தவிர்க்கும்.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். மைனஸ் 6 ஒரு புனித எண் அல்ல. இன்றைய இசை மென்பொருட்கள் உள்ளுக்குள் 32 பிட் ஃப்ளோட் கணக்கிலோ அதைவிட நுட்பமான கணக்கிலோ இயங்குகின்றன. அதில் ஒரு ட்ராக்கின் மீட்டர் சிவப்பானாலும் தகவல் அழிவதில்லை, பின்னால் இறக்கிக்கொள்ளலாம். அப்படியானால் எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். மீட்க முடியாதவை மூன்று இருக்கின்றன. ஒலிப்பதிவின்போது மைக்கிலிருந்து இன்டர்ஃபேஸுக்குள் நுழையும் இடத்தில் கிளிப் ஆனது என்றைக்கும் திரும்பாது. பூஜ்யத்தைத் தாண்டி ஓடும் பாட்டை 16 பிட் அல்லது 24 பிட் கோப்பாக வெளியே எடுத்தால் தாண்டிய பகுதி வெட்டுப்பட்டுவிடும். மாஸ்டரில் லிமிட்டர் போட்டு நசுக்கி எடுத்த பாட்டையும் பிரித்து மீட்க முடியாது. இதோடு இன்னொன்று: பழைய அனலாக் கருவிகளைப் பின்பற்றிச் செய்த ப்ளக்-இன்கள் பல, சராசரி அளவு மைனஸ் 18 பக்கம் இருக்கும் என்று எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. அவற்றுக்குள் ஒலியை முட்ட முட்ட அனுப்பினால், கேட்காமலேயே ஒவ்வொன்றும் கொஞ்சம் கரகரப்பைச் சேர்க்கும். பத்து ட்ராக்கில் சேர்ந்தால் பாட்டு முழுக்க ஒரு களைப்பு படியும்.

குரலைப் பதியும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். பலர் மீட்டர் உச்சியைத் தொடும்வரை கெயினை ஏற்றிப் பதிகிறார்கள். டேப் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. நாடாவுக்கே ஒரு இரைச்சல் உண்டு, குரல் அதைவிட நன்றாக மேலே நிற்க வேண்டியிருந்தது. 24 பிட்டில் ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று கணக்கிட்டால் 144 டெசிபல் ஆழம் வருகிறது. எந்த இன்டர்ஃபேஸும் நடைமுறையில் அவ்வளவு ஆழத்தைத் தருவதில்லை, ஆனால் தருவதே மிகத் தாராளம். உங்கள் அறையில் மின்விசிறியும் தெருவும் போடும் சத்தம் கருவியின் இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே உச்சி மைனஸ் 12 முதல் மைனஸ் 10 வரை இருந்தால் போதும். ஒத்திகையில் அளவு பார்த்துவிட்டு உண்மையான டேக் போகும்போது பாடுபவர் உணர்ச்சி ஏறிச் சத்தமாகப் பாடுவார். அந்த ஏற்றத்துக்கும் இடம் விட்டிருக்க வேண்டும்.

இனி குரல் ஏன் புதைகிறது என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு விடை மீட்டரில் இல்லை, காதில் இருக்கிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை செய்த ஹார்வி ஃபிளெச்சர் 1940-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரே ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு, அதைச் சுற்றி இரைச்சலைப் பரப்பினால் சுரம் மறையத் தொடங்கும். இரைச்சல் பரவும் அகலத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் மறையும். ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு எவ்வளவு அகலப்படுத்தினாலும் மறைப்பு கூடுவதில்லை. காது ஒலியைச் சிறு சிறு பட்டைகளாகப் பிரித்துக் கேட்கிறது, ஒரே பட்டைக்குள் விழும் ஒலிகளே ஒன்றை ஒன்று பெரிதும் மறைக்கின்றன என்பது அதிலிருந்து கிடைத்த விளக்கம். பின்னால் வந்த அளவீடுகள் தரும் படம் இது: 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அகலம். மேலே போகப் போக அகலம் கூடிக்கொண்டே போகிறது.

இதை நம் சுரங்களில் வைத்துப் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும். ஓர் ஆண் குரல் 2 கட்டையில் பாடுகிறது என்று கொள்வோம். மத்திய ஸ்தாயி ச ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். அதன் அந்தர காந்தாரம் 185, பஞ்சமம் 220. இந்த மூன்று சுரங்களுக்கும் நடுவே மொத்தம் 73 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு பட்டையின் அகலம்கூட இல்லை. அந்த இடத்தில் பேட் ச-க-ப என்று நீளமாகப் பிடித்துக்கொண்டு நின்றால், அதே இடத்தில் பாடும் குரலின் அடிச் சுரங்கள் காதுக்குத் தனியாகத் தெரிய வழியே இல்லை. அதே மூன்று சுரங்களை இரண்டு ஸ்தாயி மேலே வாசித்தால் 587, 740, 880 என்று விரிந்துவிடும். சுரங்கள் மாறவில்லை, இராகம் மாறவில்லை, இடம் மட்டும் மாறியது.

இன்னொரு இயல்பும் உண்டு. கீழ் ஒலி மேல் ஒலியை மறைக்கும் அளவுக்கு, மேல் ஒலி கீழ் ஒலியை மறைப்பதில்லை. உரத்த பேஸ் ஒன்று தனக்கு மேலே உள்ள பகுதியின் மீது நிழல் போடும். அதனால்தான் குரல் தெளிவில்லை என்ற புகாருக்குக் குரலின் ட்ராக்கில் எதைச் செய்தாலும் சில சமயம் பலன் இருப்பதில்லை. திருத்த வேண்டியது அதற்குக் கீழே இருக்கிறது.

ஒரு பாட்டை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். 2 கட்டை, ஆண் குரல். குரல் கீழ் பஞ்சமம் 110 ஹெர்ட்ஸிலிருந்து தார ஸ்தாயி காந்தாரம் 370 வரை உலவுகிறது. கூட இருப்பவை கிக், பேஸ் சின்த், பறை லூப், கிதார், பியானோ, பேட், புல்லாங்குழல். கிதாரில் வாசிப்பவர் எல்லோரும் முதலில் கற்கும் திறந்த டி கார்டைப் பிடிக்கிறார். அதன் நான்கு தந்திகளும் 147, 220, 294, 370 ஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. குரலின் ச, ப, மேல் ச, மேல் க அப்படியே. பியானோவின் வலது கையும் பேட்டும் 147, 185, 220. பியானோவின் இடது கை 73-உம் 110-உம், அதாவது பேஸின் இடம். ஒரே சிலேட்டில் ஒரே வரியின்மேல் நான்கு பேர் எழுதியதைப் போன்ற நிலை இது. ஒவ்வொருவர் கையெழுத்தும் அழகாக இருந்தும் ஒரு சொல்லும் படிக்க முடியாது.

முதல் காரியம், குரலையும் கிக்கையும் தவிர எல்லாவற்றையும் மியூட் செய்வது. இவை இரண்டும் தெளிவாகக் கேட்கும். பிறகு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். எந்த ட்ராக் திறந்தவுடன் குரலின் சொற்கள் மங்குகின்றனவோ, அதைத்தான் திருத்த வேண்டும். இந்தப் பாட்டில் பேஸைத் திறந்தால் ஒன்றும் கெடவில்லை. பேட் வந்ததும் குரலின் மேல் ஒரு திரை விழுகிறது. ஆக, பேட்டிலிருந்து தொடங்குகிறோம். ச-வை எடுத்துவிடலாம், அதைப் பேஸ் வாசித்துக்கொண்டிருக்கிறது. மீதி க-வும் ப-வும் இரண்டு ஸ்தாயி மேலே போகட்டும், 740-இலும் 880-இலும் மெல்லியதாக ஒலிக்கட்டும். ஈக்யூவைத் திறக்கவே இல்லை, திரை விலகிவிட்டது.

பியானோவின் இடது கையை நீக்கிவிடலாம். பேஸ் இருக்கும்போது அது செய்யும் வேலை எதுவுமில்லை. தனியாக அமர்ந்து பியானோ வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேண்டும், அந்தப் பழக்கத்தில் பாட்டிலும் இரண்டு கையும் வந்துவிடுகிறது. வலது கை, குரல் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் பேசினால் போதும். புல்லாங்குழலுக்கும் அதே ஏற்பாடு. நம் கச்சேரி மேடையில் வயலின்காரர் பாடகரின் சங்கதி முடியும்வரை அடக்கி வாசித்து, பிறகு பதில் சொல்வார் அல்லவா? ஒலிப்பகுதியைப் பிரிக்க முடியாத இடத்தில் நேரத்தைப் பிரிக்கலாம் என்பதை நம் இசை எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது.

கிதாருக்கு வருவோம். திறந்த கார்டை விட்டுவிட்டு, மேல் மூன்று தந்திகளில் மட்டும் ஐந்தாம், ஏழாம் கட்டங்களுக்கு அருகே அதே டி கார்டைப் பிடித்தால் 294, 370, 440 ஹெர்ட்ஸ் கிடைக்கும். குரல் பெரும்பாலான நேரம் இதற்குக் கீழேதான் இருக்கிறது. மேலே ஏறும் இடங்களில் இரண்டும் சந்திக்கும், ஆனால் கிதாரின் ஒலி தட்டியவுடன் எழுந்து தேய்ந்துவிடும். நீண்டு நிற்கும் ஒலியைப்போல் அது மறைப்பதில்லை.

கிக்கும் பேஸும் இன்னும் மிச்சம். இவைதான் ஹெட்ரூமை விழுங்குகிறவை. காது கீழ் ஒலிகளுக்கு மந்தமானது, 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையே மிகக் கூர்மையாகக் கேட்கும். ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் அளந்து வெளியிட்ட வரைபடங்களிலேயே கீழ் ஒலிகளுக்கான இந்த மந்தம் தெளிவாகத் தெரியும். அதனால் 50 ஹெர்ட்ஸில் ஒரு ஒலி காதுக்குப் போதுமானதாகப் பட வேண்டுமென்றால் மீட்டரில் அது மிகப் பெரிதாக நிற்கும். மீட்டருக்குக் காதின் குணம் தெரியாது, அலையின் உயரம் மட்டுமே தெரியும்.

ஆகவே இருவரில் யார் கீழே, யார் மேலே என்று முடிவு செய்ய வேண்டும். இந்தப் பாட்டில் கிக்கின் அடி 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. பேஸ் சின்த்தை 37 ஹெர்ட்ஸ் ச-வில் வாசித்திருக்கிறார்கள். அதை ஒரு ஸ்தாயி ஏற்றி 73-க்குக் கொண்டுவந்தால், கீழ்த்தளம் கிக்குக்கும் அதன் மேல்தளம் பேஸுக்கும் என்று பிரிந்துவிடும். கிக்கின் அடி 70-80 ஹெர்ட்ஸில் இருக்கும் பாட்டாக இருந்தால் ஏற்பாடு தலைகீழாகும், பேஸ் கீழேயே இருக்கலாம். எது என்பதைக் கிக் ஒலியைத் தேர்ந்தெடுக்கும் அன்றே தீர்மானிப்பது நல்லது. அதன் பிறகும் இரண்டும் ஒரே கணத்தில் மோதினால், கிக் அடிக்கும் கணத்தில் பேஸ் 3 டெசிபல் பின்வாங்கும்படி சைட்செயின் கம்ப்ரஸர் ஒன்று போடலாம். அவ்வளவு குறைவாக இருந்தால் பின்வாங்குவது காதுக்குத் தெரியாது, மீட்டருக்குத் தெரியும்.

பேஸை மேலே ஏற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் ஊரில் பாட்டு கேட்கப்படுவது பெரும்பாலும் கைபேசியில். அந்தச் சிறு ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ எதையும் எழுப்ப முடியாது. 37-உம் அங்கே கேட்காது, 73-உம் கேட்காது. ஆனால் 73 ஹெர்ட்ஸ் சுரத்தோடு சேர்ந்து அதன் மடங்குகளான 147, 220, 294-உம் ஒலிக்கின்றன. அந்த மடங்குகள் கேட்டாலே மூளை அடிச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. வெறும் சைன் அலையால் ஆன பேஸில் மடங்குகள் இல்லை, அதனால் அது கைபேசியில் காணாமல் போகிறது. கொஞ்சம் சாச்சுரேஷன் சேர்த்தால் மடங்குகள் வரும். ஆனால் அவை வந்து விழும் இடம் குரலின் இடம். சேர்க்கும்போது குரலை ஒலிக்கவிட்டபடியே சேர்க்க வேண்டும்.

பறையின் சிக்கல் வேறு மாதிரி. குச்சி தோலில் விழும் அந்த ஒரு கணம் மீட்டரில் மிக உயரமாக எழும்பும், உடனே அடங்கிவிடும். காதுக்குப் பெரிய சத்தமாகத் தோன்றாது, சிவப்பு விளக்கை மட்டும் எரிய வைக்கும். மாஸ்டர் சிவப்பாகிறது, ஆனால் பாட்டு உரக்கவே இல்லை என்று பட்டால், இப்படிப்பட்ட கூர்மையான தாள ஒலியைச் சந்தேகிக்கலாம். அந்த ட்ராக்கை 3, 4 டெசிபல் இறக்கினாலும் அதன் வெடிப்பு குறைவதில்லை. வெடிப்பு இருப்பது காது கூர்மையாக உள்ள மேல்பகுதியில்.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஈக்யூ. அதிலும் முதல் வேலை, யாருக்கும் பயன்படாத கீழ் ஒலியை வடிகட்டுவது. குரல் ட்ராக்கில் மின்விசிறியின் காற்று, மைக் ஸ்டாண்டு வழியே ஏறும் காலடி அதிர்வு, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எல்லாம் இருக்கும். தனியாகக் கேட்டால் தெரியாது. எட்டு ட்ராக்கில் சேரும்போது கிக்கின் இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்தக் குரல் 110-க்குக் கீழே போவதில்லை, ஆகவே 80 ஹெர்ட்ஸில் லோ-கட் போடலாம். 5 கட்டையில் பாடும் பெண் குரலாக இருந்தால் கீழ் பஞ்சமமே 147 ஹெர்ட்ஸ், அங்கே 110 வரை தாராளமாக ஏற்றலாம். கிதாருக்கு இப்போது 294-க்குக் கீழே சுரமே இல்லை, 150-இல் வெட்டினாலும் மரப்பெட்டியின் சூடு தங்கும். ஆனால் எல்லா ட்ராக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு 200-இல் வெட்டுவது ஒரு வியாதியாகப் பரவியிருக்கிறது. அப்படிச் செய்த பாட்டு தெளிவாக இருக்கும், உடம்பே இருக்காது. செங்குத்தாக வெட்டும் ஃபில்டர் அலையின் வடிவத்தையே மாற்றுவதால், சில சமயம் வெட்டிய பிறகு உச்சி ஏறுவதும் உண்டு. மென்மையான சரிவே நல்லது.

இரண்டாவது வேலை 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. கலங்கல் என்று நாம் உணர்வது பெரும்பாலும் இங்கேதான். சிறிய அறைகளும் மலிவான மைக்கை வாயருகே வைத்துப் பதியும் பழக்கமும் இந்தப் பகுதியைக் கொழுக்க வைக்கின்றன. இணையத்தில் சொல்லித்தரும் ஒரு வித்தை உண்டு: ஈக்யூவில் ஒரு புள்ளியை 10 டெசிபல் ஏற்றி, இங்குமங்கும் நகர்த்தி, அசிங்கமாகக் கேட்கும் இடத்தை வெட்டுவது. அவ்வளவு ஏற்றினால் எந்த இடமும் அசிங்கமாகத்தான் கேட்கும். நான் செய்வது வேறு. எல்லா ட்ராக்கும் ஓடிக்கொண்டிருக்க, குரலுக்குப் போட்டியான ஒரு கருவியில் 300 பக்கம் 3 டெசிபல் குறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஈக்யூவை இயக்கியும் நிறுத்தியும் கேட்பேன். சொற்கள் மாறிக் கேட்டால் அது இருக்கட்டும். எந்த வித்தியாசமும் இல்லையென்றால் எடுத்துவிடுவேன். சோலோ பொத்தானை அழுத்தி ஈக்யூ செய்யாமல் இருப்பது முக்கியம். தனியாகக் கேட்டு முழுமையாக்கிய ஒலி, கூட்டத்தில் மற்றவருக்கு இடம் விடாது.

இத்தனை முடிவுகளையும் எடுப்பது ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து. அந்த அறையே பொய் சொல்லும் என்பதை மறக்கக் கூடாது. பத்தடி அகலம், பத்தடி உயரம் நம் வீடுகளில் சகஜம். பத்தடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பி நிலைக்கும் முதல் அலைவு ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் அந்த ஒரே சுரம் இரட்டிப்பாக வீங்கும். சுவரோரம் உட்கார்ந்தால் கிக் இடிபோல் விழும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அது காணாமல் போகும். நடுவில் உட்கார்ந்தவர் கிக்கை ஏற்றிக்கொண்டே போவார், மீட்டர் அலறும். சோதிப்பது எளிது. சைன் அலையில் 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். எந்தச் சுரம் வீங்குகிறது, எது மறைகிறது என்று தெரிந்துவிடும். அது அறையின் குணம், பாட்டின் குணம் அல்ல. அந்தச் சுரங்களைப் பற்றிய முடிவுகளை மட்டும் ஹெட்போனில் எடுக்கலாம்.

வேறு இரண்டு சோதனைகளும் உண்டு. ஒன்று, ஒலியைப் பேச்சளவுக்குக் குறைத்துக் கேட்பது. அப்போதும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தால் ஒலிப்பகுதிகள் பிரிந்திருக்கின்றன என்று பொருள். சத்தமாகக் கேட்கும்போது எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். மற்றொன்று, மோனோவில் கேட்பது. கிதாரை இடப்பக்கமும் பேட்டை வலப்பக்கமும் தள்ளி வைத்துப் பிரித்துவிட்டதாக நினைத்திருப்போம். மோனோவில் அந்த இடைவெளி மறைந்துவிடும். அங்கே குரல் மறுபடி மங்கினால் ஸ்தாயியில் செய்ய வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

வெளியான பாட்டுகளோடு ஒப்பிட்டுக் கேட்பது நல்ல பழக்கம், ஆனால் அவை மாஸ்டரிங் முடிந்து உச்சிவரை ஏற்றப்பட்டவை. ஒப்பிடும் பாட்டின் ட்ராக்கை 8 முதல் 10 டெசிபல் இறக்கி, உங்கள் பாட்டின் சத்தத்துக்குச் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள். சமமாக்காமல் கேட்டால் சத்தமானது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும், மாஸ்டரில் லிமிட்டரைத் தேடிக் கை போகும். ஸ்பாட்டிஃபை அதன் வழக்கமான அமைப்பில் பாட்டுகளை மைனஸ் 14 லஃப்ஸ் என்ற சராசரிச் சத்தத்துக்குச் சமன் செய்துதான் ஒலிக்க வைக்கிறது. மிக்ஸுக்கு முன்பே நசுக்கிக் கூட்டிய சத்தம் அங்கே திருப்பி இறக்கப்படும், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

மிக்ஸ் செய்பவரிடம் கொடுக்கும் கட்டத்தில், மாஸ்டரில் இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். சில மென்பொருட்களில் புது ப்ராஜெக்ட்டைத் திறந்தாலே லிமிட்டர் ஒன்று மாஸ்டரில் உட்கார்ந்திருக்கும், அதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ட்ராக்கையும் 24 பிட் WAV கோப்பாக, பதிந்த அதே சாம்பிள் ரேட்டில், எல்லாமே பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்கும்படி எடுங்கள். இடைவேளையில் மட்டும் வரும் புல்லாங்குழலும் தொடக்கத்திலிருந்து மௌனத்தோடு வரட்டும். அப்போதுதான் இன்னொருவர் கணினியில் எல்லாம் சரியான இடத்தில் அமரும். எடுக்கும் திரையில் Normalize என்ற கட்டம் டிக் ஆகியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியே உச்சிக்கு ஏற்றிவிடும், நீங்கள் காதால் அமைத்த அளவுகள் எல்லாம் போய்விடும். குரலில் எதிரொலி போட்டிருந்தால் அது இல்லாத ஒரு பிரதியும் சேர்த்துக் கொடுங்கள். கடைசியாக, உங்கள் காதுக்குப் பிடித்த அளவில் நீங்களே கலந்த ஒரு எம்பி3. என் மேசையில் நான் முதலில் கேட்பது அதைத்தான். குரலுக்குப் பின்னால் அந்தப் பேட்டை எவ்வளவு மெல்லியதாக நீங்கள் கேட்டிருந்தீர்கள் என்பது அதில்தான் தெரியும்.